பட்டியலை ஒழுங்குபடுத்தும் கட்டளைகள்

ஒரு புத்தக விற்பனையாளர் பல ஊர்களுக்கு ரயிலில் பார்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை கட்டு என்ற விவரம் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் துண்டு துண்டாக வருகிறது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் ஒட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
mdu  9    MADURAI      மதுரை
Ten  12   tirunelveli  திருநெல்வேலி
cbe  100  COIMBATORE   கோயம்புத்தூர்
ED   25   erode        ஈரோடு
mdu  9    MADURAI      மதுரை 
tj   9    Thanjavur    தஞ்சாவூர்
```

ஸ்டேஷன் குறியீடுகள் சில கேப்பிடலிலும் சில ஸ்மாலிலும் இருக்கின்றன. ஊர்ப் பெயர்களும் ஒரே சீராக இல்லை. மதுரை இரண்டு முறை வந்திருக்கிறது. கட்டுகளின் எண்ணிக்கைப்படி வரிசையும் இல்லை. ஆறு வரிதானே என்று கையாலேயே திருத்திவிடலாம். அதே பட்டியல் அறுநூறு வரியாக வந்தால் அரை நாள் போய்விடும், திருத்தும்போது புதிதாக நான்கு பிழைகளும் நுழைந்துவிடும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலோர் எக்ஸெலைத் திறப்பார்கள். கூட்டல் கழித்தலுக்கு அது நல்ல கருவி. ஆனால் ஒட்டிய எழுத்தை ஒட்டியபடியே வைத்திருக்க வேண்டும் என்னும்போது அதை நம்ப முடியாது. `007` என்று ஒட்டினால் `7` என்று ஆக்கிவிடும், `3-4` என்றால் தேதியாக மாற்றிவிடும். மரபணு ஆய்வாளர்கள் இதில் பல ஆண்டுகள் அவதிப்பட்டார்கள். `SEPT1`, `MARCH1` என்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் செப்டம்பர், மார்ச் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல், மரபணுக்களுக்குப் பெயரிடும் ஹ்யூகோ குழு அந்தப் பெயர்களையே `SEPTIN1`, `MARCHF1` என்று மாற்றி வைத்தது.

வெறும் எழுத்துகளை மட்டும் கையாளும் எடிட்டர்கள் இப்படித் தாமாக எதையும் மாற்றுவதில்லை. விண்டோஸ் கணினிகளில் பரவலாகப் புழங்கும் நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் அவற்றில் ஒன்று. டான் ஹோ என்பவர் எழுதி 2003-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. நிரல் எழுதுபவர்களுக்கான கருவி என்று பெயர் பெற்றுவிட்டதால் மற்றவர்கள் அதன் `Edit` மெனுவுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. மேலே உள்ள பட்டியலைச் சீராக்கத் தேவையான அத்தனையும் அந்த ஒரு மெனுவிலேயே இருக்கிறது. கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம், ஒரு வரி நிரலும் எழுத வேண்டாம். எந்தக் கட்டளை எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இரட்டைப் பதிவை நீக்கலாம். `Edit > Line Operations > Remove Duplicate Lines` என்ற கட்டளை, ஒரே மாதிரி வரிகளில் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடும். அதை இந்தப் பட்டியலில் இயக்கினால் ஒன்றுமே நடக்காது. மதுரை வரிகள் இரண்டும் அப்படியே நிற்கும். கட்டளையில் குறை இல்லை. ஐந்தாவது வரியில் ‘மதுரை’க்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. மனிதருக்கு அது ஒரே வரி, எடிட்டருக்கு வேறு வேறு வரி. `View > Show Symbol` மெனுவில் இடைவெளிகளைக் காட்டச் சொன்னால் வரியின் கடைசியில் ஒரு சிறு புள்ளி தெரியும். செல்போனிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் ஒட்டும் வரிகளில் இந்த வால் இடைவெளி அடிக்கடி வரும். ஆகவே `Edit > Blank Operations > Trim Trailing Space` முதலில், இரட்டை நீக்கம் அடுத்து என்று செய்தால் வரி ஐந்தாகக் குறையும்.

தமிழில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு வகை. ககரத்தோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு வகை. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஒரு கோப்பில் ஒருவகை கோயம்புத்தூரும் மறுவகை கோயம்புத்தூரும் கலந்துவிட்டால் இரட்டை நீக்கும் கட்டளை இரண்டையும் விட்டுவிடும், தேடினாலும் ஒன்றுதான் அகப்படும். பழைய எழுத்துரு ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இந்தக் கலப்பு இருக்கலாம். சந்தேகம் வந்தால் ‘கோ’வை மட்டும் செலக்ட் செய்து எடிட்டரின் அடிப்பட்டையைப் பார்க்க வேண்டும். செலக்ட் ஆன குறிகளின் எண்ணிக்கை 2 என்று காட்டினால் முதல் வகை, 3 என்றால் இரண்டாம் வகை. மூன்று குறி வடிவத்தைக் காப்பி செய்து `Ctrl+H` பெட்டியில் ஒட்டி, எல்லா இடத்திலும் இரண்டு குறி வடிவமாக மாற்றிக்கொள்ளலாம். கொ, கௌ போன்றவற்றுக்கும் இதே கதைதான்.

அடுத்தது குறியீடுகளைக் கேப்பிடலாக்குவது. இங்கேதான் கட்டமாகச் செலக்ட் செய்யும் வசதி உதவிக்கு வருகிறது. சாதாரணமாக மவுஸை இழுத்தால் ஒரு வரி முடிந்து அடுத்த வரி என்று முழு வரிகளாகத்தான் செலக்ட் ஆகும். `Alt` விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் செவ்வகமாக ஆகும். முதல் வரியின் முதல் எழுத்தில் ஆரம்பித்து கடைசி வரியின் மூன்றாவது எழுத்து வரை இழுத்தால் `mdu`, `Ten`, `cbe` என்று குறியீடுகள் மட்டும் பிடிபடும், எண்ணும் ஊர்ப் பெயரும் வெளியே நிற்கும். மவுஸ் இல்லாமல் செய்ய `Alt+Shift` அழுத்தியபடி அம்புக்குறிகளைப் பயன்படுத்தலாம். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் கீபோர்டு மொழியை மாற்றும் விசைச் சேர்க்கையும் `Alt+Shift`தான். அம்புக்குறியைத் தொடுவதற்கு முன் அந்த இரண்டையும் விட்டுவிட்டால் மொழி மாறிவிடும், அடுத்து அடிக்கும் ஆங்கில எழுத்து தமிழாக வந்து நிற்கும்.

கோப்பு நீளமாக இருந்தால் மவுஸை இழுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. அண்மைப் பதிப்புகளில் `Begin/End Select in Column Mode` என்று ஒரு கட்டளை இருக்கிறது. தொடக்கத்தில் கர்சரை வைத்து அதை ஒருமுறை கொடுக்க வேண்டும். பிறகு நிதானமாகக் கோப்பின் கடைசிக்குப் போய், செவ்வகத்தின் மறுமூலையில் கர்சரை வைத்து மீண்டும் ஒருமுறை கொடுத்தால் இடைப்பட்ட செவ்வகம் முழுதும் செலக்ட் ஆகிவிடும்.

நெடுவரிசையாகத் தகவலை வைக்கும் பழக்கம் கணினித் திரைக்கு முந்தியது. ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. எந்தத் தகவல் எந்த நெடுவரிசையில் தொடங்கி எதில் முடிகிறது என்பதுதான் அதன் இலக்கணம். ஃபோர்ட்ரான் மொழியில் பழைய பாணியில் நிரல் எழுதியவர்கள் முதல் ஐந்து நெடுவரிசைகளை வரி எண்ணுக்கும், ஆறாவதைத் தொடர்ச்சிக் குறிக்கும், 7 முதல் 72 வரை உள்ளவற்றை நிரலுக்கும் ஒதுக்கினார்கள். இன்றும் பழைய அமைப்புகளிலிருந்து வெளிவரும் அறிக்கைகள் பலவற்றில் கமாவோ டேபோ இருக்காது. இடத்தை வைத்துத்தான் பெயர் எது, தொகை எது என்று பிரிக்க வேண்டும். அப்படிப்பட்ட கோப்பில் நடுவே உள்ள ஒரு பத்தியை மட்டும் வெட்டி எடுக்கச் செவ்வகத் தேர்வைவிட நேரான வழி இல்லை.

செவ்வகத்துக்கு அகலமே இல்லாமலும் இருக்கலாம். எல்லா வரிகளின் தொடக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு போல இழுத்துவிட்டு எதையாவது தட்டச்சு செய்தால் அது அத்தனை வரியிலும் ஒரே சமயத்தில் ஏறும். இது வேலை செய்ய `View` மெனுவில் `Word wrap` அணைந்திருக்க வேண்டும். நீண்ட வரி மடிந்து இரண்டாக உடைந்து தெரியும்போது திரையில் காணும் நெடுவரிசைக்கும் கோப்பில் இருக்கும் இடத்துக்கும் தொடர்பு அற்றுப்போகும்.

செவ்வகத் தேர்வுக்குத் தமிழ் எழுத்துகளோடு ஒத்துப்போவதில் ஒரு தடை இருக்கிறது. கன்சோலாஸ், கூரியர் போன்ற எடிட்டர் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அகலம். அதனால்தான் பத்திகள் நேராக நிற்கின்றன. அந்த எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்து வந்தால் விண்டோஸ் நிர்மலா போன்ற வேறொன்றிலிருந்து வரவழைத்துக் காட்டும். அதில் ‘ர’ ஒடுக்கமாகவும் ‘ணௌ’ அகலமாகவும் இருக்கும். ‘திருநெல்வேலி’ படிப்பவருக்கு ஆறு எழுத்து, கோப்பில் பன்னிரண்டு குறி, திரையில் இந்த இரண்டுக்கும் பொருந்தாத ஓர் அகலம். ஆகவே தமிழ்ப் பெயருக்கு வலப்புறம் உள்ள எதையும் செவ்வகமாகப் பிடிக்கப் போனால் ஒரு வரியில் சரியாகவும் அடுத்த வரியில் இரண்டு எழுத்து தள்ளியும் வெட்டும். தீர்வு எளிது. பட்டியல் தயாரிக்கும்போதே தமிழ்ப் பத்தியைக் கடைசியில் வைத்துவிட வேண்டும். நம் பார்சல் பட்டியலில் ஊர்ப் பெயர் தமிழில் வரியின் கடைசியில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

குறியீடுகள் மூன்றெழுத்துச் செவ்வகமாகப் பிடிபட்டிருக்கின்றன. `Edit > Convert Case to > UPPERCASE`, அல்லது `Ctrl+Shift+U`. `MDU`, `TEN`, `CBE`, `ED`, `TJ` என்று எல்லாம் ஒரே சீராகிவிடும். அடுத்து ஆங்கில ஊர்ப் பெயர்களைச் செவ்வகமாகப் பிடித்து `Alt+U` கொடுத்தால் `Proper Case`, அதாவது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டும் கேப்பிடல். `MADURAI` என்பது `Madurai` ஆகும், `erode` என்பது `Erode` ஆகும்.

எழுத்து வடிவை மாற்றுவது கணினிக்கு மிகச் சிறிய வேலை. 1963-இல் முதலில் வெளியான ஆஸ்கி அட்டவணை சில ஆண்டுகளில் பெற்ற வடிவத்தில் கேப்பிடல் `A`-வுக்கு எண் 65, ஸ்மால் `a`-வுக்கு 97. எந்த ஆங்கில எழுத்தை எடுத்தாலும் இடைவெளி 32தான். 32-ஐக் கூட்டினால் ஸ்மால், கழித்தால் கேப்பிடல். தமிழில் இந்த வேறுபாடே இல்லாததால் முழுக் கோப்பையும் செலக்ட் செய்து `UPPERCASE` கொடுத்தாலும் தமிழ் எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகாது. கலந்து எழுதிய பட்டியல்களில் இது பெரிய வசதி.

ஆனால் சொல்லின் பொருள் இந்தக் கட்டளைக்குத் தெரியாது. `ISRO` என்பதன் மேல் `Proper Case` இயக்கினால் `Isro` ஆகிவிடும். மீண்டும் கேப்பிடலாக்கலாம், ஆனால் அறுநூறு வரியில் எவை எவை சுருக்கப் பெயர்கள் என்று யார் தேடுவது? அதற்காகவே `Proper Case (blend)` என்று இன்னொன்று இருக்கிறது, குறுக்குவிசை `Alt+Shift+U`. அது முதலெழுத்தைக் கேப்பிடலாக்கும், ஏற்கெனவே கேப்பிடலாக இருக்கும் மற்ற எழுத்துகளைத் தொடாது. `isro`-வைத் திருத்த இதனால் முடியாது, `ISRO`-வைக் கெடுக்கவும் செய்யாது. நம் பட்டியலில் `MADURAI` போன்ற பெயர்களைச் சிறிதாக்க வேண்டியிருந்ததால் `blend` இல்லாத கட்டளைதான் சரி. நிறுவனப் பெயர்ப் பட்டியலாக இருந்தால் `blend`தான் பாதுகாப்பு.

இணைய முகவரிகள் இருக்கும் பத்தியில் கைவைக்கும்போது இன்னும் கவனம் தேவை. முகவரியில் தளத்தின் பெயர் எந்த வடிவில் இருந்தாலும் திறக்கும். அதற்குப் பின்னால் வரும் பகுதி பல சர்வர்களில் அப்படி இல்லை. லினக்ஸ் சர்வருக்கு `Photo.jpg` வேறு, `photo.jpg` வேறு. அழகுக்காக எல்லாவற்றையும் ஸ்மாலாக்கினால் இணைப்புகள் திறக்காமல் போய்விடும்.

இனி வரிசைப்படுத்தலாம். `Line Operations` மெனுவின் கீழ்ப்பகுதியில் `Sort Lines` என்று தொடங்கும் கட்டளைகள் ஒரு பெரிய கொத்தாக இருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானே என்று முதலில் கண்ணில் படுவதைக் கொடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. முதலில் இருப்பது `Sort Lines Lexicographically Ascending`. அது ஒவ்வொரு எழுத்தின் குறியீட்டு எண்ணையும் ஒப்பிட்டு அடுக்கும். எழுத்து வடிவைத் திருத்துவதற்கு முன்பே நம் ஐந்து வரிகளில் இதை இயக்கியிருந்தால் வரிசை `ED`, `Ten`, `cbe`, `mdu`, `tj` என்று வந்திருக்கும். `T` எப்படி `c`-க்கு முன்னால் வந்தது? கேப்பிடல் எழுத்துகள் 65 முதல் 90 வரை, ஸ்மால் எழுத்துகள் 97 முதல் 122 வரை. கேப்பிடலில் தொடங்கும் அத்தனையும் முடிந்த பிறகே ஸ்மாலுக்கு முறை வரும். பெயர்ப் பட்டியல் இரண்டு அகரவரிசையாகப் பிரிந்து நின்றால் காரணம் இதுதான். வடிவத்தைச் சீராக்கிவிட்டு அடுக்க வேண்டும், அல்லது `Ignoring Case` என்று இருக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்களிலும் இதே சறுக்கல் உண்டு. கட்டுகளின் எண்ணிக்கைப்படி அடுக்க வேண்டும் என்று எண் பத்தியைச் செவ்வகமாகப் பிடித்து, எழுத்து வரிசைக் கட்டளையைக் கொடுத்தால் 100, 12, 25, 9, 9 என்று வரும். எழுத்தாகப் பார்த்தால் `1` முதலில், `9` கடைசியில். எண்ணின் மதிப்பைப் பார்க்கச் சொல்வது `Sort Lines As Integers Ascending`. அதைக் கொடுத்தால் 9, 9, 12, 25, 100.

செவ்வகத்தைப் பிடித்துக்கொண்டு வரிசைப்படுத்துவதில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. செவ்வகத்துக்குள் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன, ஆனால் இடம் மாறுவது முழு வரி. செலக்ட் செய்த பகுதியை எடிட்டர் ஒப்பிடுவதற்கு மட்டும் எடுத்துக்கொள்கிறது. குறியீடும் ஊரும் தமிழ்ப் பெயரும் தத்தம் எண்ணோடு சேர்ந்தே நகரும். எக்ஸெலில் ஒரு பத்தியை மட்டும் செலக்ட் செய்து அடுக்கி, பெயர் ஒரு பக்கமும் தொகை ஒரு பக்கமுமாகப் போன பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். செவ்வகம் எத்தனை வரிகளைத் தொடுகிறதோ அத்தனை வரிகள் மட்டுமே இடம் மாறும் என்பதால், தலைப்பு வரி இருந்தால் அதை விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து பிடித்தால் போதும். எதையுமே செலக்ட் செய்யாமல் கட்டளை கொடுத்தால் முழுக் கோப்பும் அடுக்கப்படும், தலைப்பும் எங்காவது நடுவில் போய் உட்காரும்.

பணத்தொகைகளில் இரண்டு கண்ணிகள். `10.5`, `10.25` போன்றவற்றை முழு எண் கட்டளையிடம் கொடுக்கக் கூடாது. அதற்கு `Sort Lines As Decimals (Dot)` இருக்கிறது. பக்கத்திலேயே `Decimals (Comma)` என்றும் ஒன்று இருக்கும். அது ஜெர்மனி, ஃபிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் கமா போடும் வழக்கத்துக்கானது. நாம் ஆயிரத்தையும் லட்சத்தையும் பிரிக்கப் போடும் கமாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. `1,250` என்பதை அது ஒன்றே கால் என்று எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டு எண் கட்டளைகளும் கமாவைத் தாண்டி அதை ஆயிரத்து இருநூற்று ஐம்பதாகப் படிப்பதில்லை. 980-க்குக் கீழே வர வேண்டிய 1,250 மேலே போய் நின்றால் கமாதான் காரணம் என்று அறியலாம். கோப்பில் வேறு இடத்தில் கமா இல்லை என்று பார்த்துக்கொண்டு, `Ctrl+H` பெட்டியில் கமாக்களை நீக்கிவிட்டு அடுக்க வேண்டும். நீக்கிய பிறகு அந்த வரிகளின் மீதிப் பகுதி ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்துவிடும். கமாவை எடுத்துவிட்டு அதற்குப் பதில் ஒன்றும் போடாதபோது பத்தி குலைவது இயல்பு. எனவே இந்த வேலை இருக்கும் பட்டியலில் தொகையை வலப்புற ஓரத்தில் வைத்திருப்பது நல்லது.

தமிழ்ப் பெயர்ப்படி அடுக்குவது இதுவரை சொன்னதிலெல்லாம் கடினமானது. ‘அலை, அவல், அழகு, அனல்’ என்ற நான்கு சொற்களை நான்கு வரிகளில் எழுதி எழுத்து வரிசைக் கட்டளையைக் கொடுத்தால் கிடைப்பது:

```
அனல்
அலை
அழகு
அவல்
```

தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. கடைசி எழுத்தான னகரம் இங்கே முதலில் வந்துவிட்டது, ழகரம் வகரத்தை முந்திவிட்டது. யூனிகோடு அட்டவணையில் தமிழுக்குக் கொடுத்த இடங்கள், 1988-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி என்ற தரத்தை ஒட்டி அமைந்தவை. எல்லா இந்திய எழுத்துகளும் தேவநாகரியின் அடுக்கைப் பின்பற்றி ஒரே கட்டங்களில் உட்கார வேண்டும் என்பது அதன் திட்டம். தேவநாகரியில் ககரத்தின் எண் `0915`, தமிழில் `0B95`. பிற இடங்களும் இதே இடைவெளியில் இணையாக வரும். அந்த அடுக்கில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும், றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும், ழகரம் ளகரத்துக்குப் பக்கத்திலும் போடப்பட்டன. எழுத்தின் எண்ணை மட்டும் பார்க்கும் கட்டளை அந்தக் கட்ட வரிசையைத்தான் தரும்.

ஈரோடு, கோயம்புத்தூர், தஞ்சாவூர், திருநெல்வேலி, மதுரை என்ற நம் ஐந்து ஊர்களுக்கு இந்தப் பிசகு தெரியாது. முதலெழுத்திலேயே முடிவாகிவிடுவதால் அவை சரியாகவே வரும். சிறு பட்டியலில் சோதித்துப் பார்த்து ‘தமிழில் நன்றாக வரிசைப்படுத்துகிறது’ என்று முடிவுகட்டிவிட்டு, பெரிய பெயர்ப் பட்டியலை அச்சுக்கு அனுப்பும் ஆபத்து இதில் இருக்கிறது. புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவிலோ உறுப்பினர் பட்டியலிலோ ‘அன்ன’ என்று தொடங்குபவை ‘அப்ப’வுக்கு முன்னால் நின்றால், நெடுங்கணக்கு அறிந்த வாசகர் தேடும் இடத்தில் அந்தப் பெயர் இருக்காது. இல்லை என்று நினைத்துப் புரட்டிப் போய்விடுவார்.

அண்மைப் பதிப்புகளில் `Sort Lines In Locale Order` என்ற கட்டளை சேர்ந்திருக்கிறது. அது எழுத்தின் எண்ணைப் பார்ப்பதில்லை, விண்டோஸ் வைத்திருக்கும் மொழிவாரி ஒழுங்கைக் கேட்டு அடுக்கும். விளைவு அந்தக் கணினியில் எந்த வட்டார அமைப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் தமிழ்ப் பட்டியல் எதையும் அடுக்கும் முன் மேற்சொன்ன நான்கு சொற்களைப் புதிய கோப்பில் எழுதி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது முறை. அலை, அவல், அழகு, அனல் என்று வந்தால் அந்தக் கணினியில் அந்தக் கட்டளையை நம்பலாம். வேறு மாதிரி வந்தால் விண்டோஸின் வட்டார வடிவத்தைத் தமிழுக்கு மாற்றிவிட்டு எடிட்டரை மூடித் திறந்து மறுபடி சோதிக்க வேண்டும்.

இதே வேலைகளை மற்ற எடிட்டர்களிலும் செய்யலாம், விசைகள்தான் மாறும். விஎஸ் கோடில் செவ்வகத்துக்கு `Shift+Alt` அழுத்தி இழுக்க வேண்டும். வரிசைப்படுத்தலும் எழுத்து வடிவ மாற்றமும் `Ctrl+Shift+P` கட்டளைப் பெட்டியில் கிடைக்கும். விம் எடிட்டரில் செவ்வகத்துக்கு `Ctrl+V`, எண் மதிப்புப்படி அடுக்க `:sort n`.

பார்சல் பட்டியலுக்கு வரிசை எண் போடுவது மட்டும் பாக்கி. எல்லா வரிகளின் தொடக்கத்திலும் அகலமில்லாத செவ்வகம் இழுத்து இரண்டு இடைவெளி தட்ட வேண்டும். மறுபடி வரித் தொடக்கத்தில் அதேபோல் இழுத்து `Alt+C` கொடுத்தால் `Column Editor` பெட்டி திறக்கும். `Number to Insert` பகுதியில் தொடக்க எண் 1, கூடும் அளவு 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் எண் ஏறிவிடும். நூறு வரி இருந்தால் முன்னால் சுழியம் நிரப்பச் சொல்லி 001, 002 என்று சம அகலமாக வாங்கிக்கொள்ளலாம். எதையும் செலக்ட் செய்யாமல் இந்தப் பெட்டியைத் திறந்தால் கர்சர் நிற்கும் வரியிலிருந்து கோப்பின் கடைசி வரி வரைக்கும் எண் போட்டுவிடும். கீழே வேறு விவரங்கள் இருக்கும் கோப்பில் இதைக் கவனிக்க வேண்டும்.

```
1  MDU  9    Madurai      மதுரை
2  TJ   9    Thanjavur    தஞ்சாவூர்
3  TEN  12   Tirunelveli  திருநெல்வேலி
4  ED   25   Erode        ஈரோடு
5  CBE  100  Coimbatore   கோயம்புத்தூர்
```

இந்த எண் போடும் வசதிக்கு இன்னொரு பயன் உண்டு, அனுபவப்பட்டவர்கள் அதை வேலையின் முதல் படியாகவே வைத்துக்கொள்வார்கள். வரிசைப்படுத்தும்போது பட்டியல் வந்து சேர்ந்த பழைய வரிசை அழிந்துவிடுகிறது. கோப்பு திறந்திருக்கும் வரை `Ctrl+Z` அதை மீட்டுத் தரும். சேமித்து மூடிவிட்டால் அந்த நினைவும் போய்விடும். எந்த ஆர்டர் முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று மறுநாள் யாராவது கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. ஆகவே எதையும் அடுக்கும் முன் `Column Editor` கொண்டு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஊர்ப்படி, எண்ணிக்கைப்படி என்று எத்தனை முறை புரட்டி அடுக்கினாலும், அந்த எண் பத்தியைச் செவ்வகமாகப் பிடித்து `Sort Lines As Integers Ascending` கொடுத்தால் பட்டியல் வந்த வரிசைக்கே திரும்பிவிடும். இரட்டை வரிகளை நீக்குவதை மட்டும் எண் போடுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். எண் ஏறிய பிறகு ஒரு வரியும் இன்னொரு வரியைப் போல இருக்காது என்பதால் அந்தக் கட்டளைக்கு நீக்க எதுவும் அகப்படாது.